இரண்டு பக்கங்களில் ஒரு கண் மருத்துவமனை

அத்தானின் அலுவலகம் முதல் மாடியில் இருக்கிறது. மாடிப்படி அவர் கதவை ஒட்டியே மேலே போகிறது. யாராவது ஏறி வரும் சத்தம் கேட்டால் அத்தான் பேச்சை நிறுத்திவிடுவார். கையில் இருக்கும் பென்சிலும் நின்றுவிடும். காலடி கதவருகே நின்றால் முகம் மலரும். நிற்காமல் மேலே போய்விட்டால் அந்த முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பல்லைக் கடித்தபடி, “மேல்மாடிக்கு” என்பார். பிறகு அன்று அவரிடம் உருப்படியாக எந்த வேலையும் வாங்க முடியாது.

மேல்மாடி என்பது ஓர் ஆளின் பெயர். அவரும் ஆர்க்கிடெக்ட், அத்தானுடன் ஒன்றாகப் படித்தவர். படிப்பு முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஒரே மேஜை வாங்கிப் போட்டு, இந்த முதல் மாடியில்தான் தொழில் தொடங்கினார்கள். சில வருடங்கள் கழித்து, “மேல ஒரு இடம் காலியாகுதுடா, நான் எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விட்டார். சண்டை என்று எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் அத்தானுக்கு ஆறியிருக்கும். அவர் போனது வளர்ந்துகொண்டு போனது போல இருந்ததுதான் தாங்கவில்லை. “மேல்மாடி காலின்னு சொல்வாங்க, இங்க என்னடான்னா மேல்மாடிதான் நிறைஞ்சு வழியுது” என்று என் அக்கா ஒருமுறை சிரிக்காமல் சொன்னாள். அத்தான் அன்று வீட்டில் சாப்பிடவில்லை.

என் அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றி நான் எழுதுவதால் பாரபட்சம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் அவர் ஆடும் ஆட்டம் பிடிக்காது. ஆள் ஒல்லி. சட்டைப்பையில் எப்போதும் ஓர் அளவு டேப் இருக்கும். அக்காவைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கை கழுவப் போனவர் திரும்பவே இல்லை. அப்பா போய்ப் பார்த்தால், இவர் குளியலறைக் கதவை அளந்துகொண்டிருக்கிறார். “உள்பக்கம் திறக்குது. உள்ள யாராவது விழுந்துட்டா, விழுந்தவங்களே கதவை அடைச்சுக்குவாங்க. வெளிப்பக்கமா மாத்திடுங்க” என்றார். அப்பா என்னிடம் மெல்ல, “பையன் கொஞ்சம் ஒரு மாதிரி” என்றார். அக்கா மட்டும் அந்த நிமிடமே முடிவு பண்ணிவிட்டாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு டேப்பு என்று பெயர். கல்லூரியிலும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்களாம். அப்பா கதவை மாற்றினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சின்ன வயதில் அவர்கள் குடும்பம் இருந்தது ஒற்றை அறை. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். யாராவது வெளியே போக வேண்டுமென்றால் படுத்திருப்பவர் எழுந்து உட்கார வேண்டும். அவர் அம்மா நோயில் கிடந்தபோதும் அப்படித்தான் எழுந்து உட்கார்ந்தார்களாம். கதவைக் கழற்றி மறுபக்கம் மாட்டினால் போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதை அவர் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் கட்டிய எந்த வீட்டிலும் கதவு எதிலும் இடிக்காது.

இப்படிப்பட்ட மனுஷர் மேல்மாடியின் பெயரைக் கேட்டால் மட்டும் ஆறு வயசுப் பிள்ளையாகிவிடுவார். மேல்மாடிக்குப் புது நாற்காலிகள் வந்தால் இவருக்குத் தலைவலி வரும். மேல்மாடி கட்டிய கண்ணாடிக் கட்டிடம் ஒன்று எங்கள் பேருந்துப் பாதையில் இருக்கிறது. அந்த நிறுத்தம் வந்தால் அத்தான் ஜன்னல் பக்கம் பார்க்கவே மாட்டார், எதிரே நிற்பவரின் பையைப் பார்ப்பார். பொறாமை இல்லை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. “ஆமா, வயிறு எரியுது. எரியறதுக்கு எனக்கு உரிமை இல்லையா?” என்று கேட்பார். அந்த நேர்மைக்காகவே அவரை மன்னிக்கலாம்.

வேலைகள் குறைந்துகொண்டே வந்தன. அக்காதான் அலுவலகத்தின் தொலைபேசி, கடிதம், பில் எல்லாம் பார்க்கிறாள். மேல்மாடி ஒருநாள் படியில் அவளை நிறுத்தி, “அவனுக்கு ஒரு தனி ரூம் தரேன், மாசா மாசம் சம்பளம். கீழ தனியா எதுக்குக் கஷ்டப்படணும்?” என்று கேட்டிருக்கிறார். அக்கா அதை அத்தானிடம் சொன்னாள். அத்தான் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாராம்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தம்மா வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்துகிறவர். நெற்றியில் மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம், ஆனால் ஏமாற்ற முடியாது. பள்ளிக்குப் புதிதாக இரண்டு மாடிக் கட்டிடம் கட்ட வேண்டும். அத்தான் பேசியது அவருக்குப் பிடித்துவிட்டது. “எனக்குச் சரி சார். ஆனா கமிட்டியில ஏழு பேர் இருக்காங்க, யாரும் உங்களைப் பார்த்ததில்ல. உங்க வெப்சைட்டை அனுப்புங்க, அதைக் காட்டித்தான் நான் பேச முடியும்” என்றார்.

அத்தானுக்கு வெப்சைட் இருந்தது. அதில் அவர் பெயர், தொலைபேசி எண், அதன் கீழே ‘பக்கம் கட்டப்பட்டு வருகிறது’ என்ற வரி. பல வருடங்களாகக் கட்டப்பட்டு வருகிறது. அவர் கட்டத் தொடங்கியதில் முடியாமல் கிடந்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அக்கா எனக்குப் போன் செய்தாள். “இந்தப் பள்ளிக்கூட வேலை வந்தா கீழயே இருப்போம். வரலைன்னா மேல போயிடறதுன்னு நான் சொல்லிட்டேன். அவரும் தலையாட்டிட்டார். நீ வந்து எழுதிக் கொடு.” நான் மெத்தை விளம்பரம் முதல் மிக்ஸி கையேடு வரை எழுதிப் பிழைப்பவள். ‘ஈரக் கையால் தொடாதீர்கள்’ என்ற வரியைத் தமிழில் எனக்கு நிகராக யாரும் எழுத முடியாது. போனேன்.

போன முதல் நாளே சண்டை. நான் நோட்டைத் திறந்து, “உங்க வடிவமைப்பு முறை என்ன அத்தான்?” என்று கேட்டேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வெளியும் ஒளியும் ஒன்றோடொன்று உரையாடும் அனுபவத்தை உருவாக்குவது எங்கள் தத்துவம்.”

“இது யாரோடது?”

நான் போனில் தேடினேன். மேல்மாடியின் பக்கத்தில் முதல் வரியே அதுதான், ‘ஒளியும் வெளியும்’ என்று இருந்தது. இவர் திருப்பிப் போட்டிருக்கிறார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“வெளியும் ஒளியும் பேசிக்கட்டும் அத்தான். வீடு கட்டறவங்க உங்ககிட்ட பேசணும். அவங்க வந்து உட்கார்ந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?”

“உட்கார விட மாட்டேன். அவங்களைக் கூட்டிக்கிட்டு மனைக்குப் போவேன்.”

“போயி?”

“வெயில் எந்தப் பக்கம் விழுது, காத்து எங்கிருந்து வருது, மழை பெஞ்சா தண்ணி எங்க நிக்கும்னு பார்ப்பேன். பக்கத்து வீட்டு ஜன்னல் எங்க இருக்குன்னு பார்ப்பேன். அப்புறம் அவங்க காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன பண்ணுவாங்கன்னு கேட்பேன். செருப்பை எங்க விடுவாங்க, வீட்டுல முட்டி வலிக்காரங்க யாராவது இருக்காங்களா, ஈரத்துணியை எங்க காயப்போடுவாங்க, எல்லாம்.”

“அதைத்தான் எழுதணும்” என்றேன். எழுதினேன்: ‘முதலில் உங்கள் இடத்துக்கு வருவோம். பிறகு உங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்போம். அதற்குப் பின்தான் பென்சிலை எடுப்போம். இரண்டு மூன்று விதமாக வரைந்து காட்டுவோம். நீங்கள் ஒன்றைச் சொன்ன பிறகு அளவுகளோடு வரைவோம். அனுமதி வாங்குவதற்கான வரைபடங்களையும் நாங்களே தயாரிப்போம். தூண், உத்திரம், அஸ்திவாரக் கணக்குகளை அதற்கென்று உள்ள இன்ஜினியர் செய்வார். அவரோடு நாங்கள் உட்கார்ந்து பேசுவோம். கட்டுவது கான்ட்ராக்டர். வரைந்தபடி கட்டுகிறார்களா என்று பார்க்க வேலை முடியும் வரை வருவோம்.’

படித்துவிட்டு அவர், “இவ்வளவுதானா? இது எல்லாருக்கும் தெரியுமே” என்றார்.

“உங்களுக்குத் தெரியும். முதல் தடவை வீடு கட்டறவருக்கு ஆர்க்கிடெக்ட் எது வரைக்கும், இன்ஜினியர் எது வரைக்கும்னு எப்படித் தெரியும்? எனக்கே இப்பத்தான் தெரியுது.”

அடுத்தது, கட்டி முடித்த கட்டிடங்கள். அங்கேதான் பெரிய ரகளை. வகை வகையாகப் பிரித்தேன்: தனி வீடுகள், பழைய வீட்டின் மேல் மாடி எடுத்தவை, கிளினிக்குகள், இரண்டு அறை மழலையர் பள்ளி, ஒரு கிடங்கு. அத்தான் மடிக்கணினியில் ஒரு படத்தைத் திறந்தார். ஐந்து மாடி, மேலே தோட்டம், வாசலில் சிரித்துக்கொண்டு நடக்கும் கம்ப்யூட்டர் மனிதர்கள்.

“இது எங்க இருக்கு?”

“கட்டலை. வரைஞ்சதோட நின்னு போச்சு.”

“அப்ப கட்டி முடிச்சதுல வராது.”

“மேல்மாடி இந்த மாதிரி படமா நாலு போட்டிருக்கான்.”

“அவர் கிணத்துல குதிச்சா?”

“எவ்வளவு ஆழம்னு அளந்துட்டுக் குதிப்பேன்” என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்கள் குடியேறிப் புழங்குகிற கட்டிடம்தான் முடிந்த கட்டிடம் என்று சொல்லிவிட்டேன். போடத்தான் வேண்டுமென்றால் ‘கட்டப்படாத வடிவமைப்பு, கணினிப் படம்’ என்று அடியில் எழுத வேண்டும் என்றேன். அவர் மடிக்கணினியைப் பட்டென்று மூடினார். அக்கா அதற்குள் அந்த வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டு, அவர்கள் வீட்டுப் படத்தை வெளியிடச் சம்மதமா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். அவர் வீட்டை எடுத்துவிட்டோம்.

கடைசியில் அந்தக் கண் மருத்துவமனை வந்தது. சின்னக் கட்டிடம். வெளியே பார்க்க அழகு. வெள்ளை முகப்பு, உள்ளே தள்ளிய வாசல். ஆனால் விஷயம் உள்ளே இருக்கிறது. கண்ணில் மருந்து விட்டவர்களுக்கு வெளிச்சம் குத்தும், பாதை மங்கும். அதனால் காத்திருக்கும் அறையில் வெயில் நேராக விழாது, கூரையில் பட்டுச் சிதறித்தான் வரும். வாசலில் தொடங்கும் கைப்பிடி எங்கும் அறுபடாமல் சுவரோடு போய் மருத்துவர் அறையில்தான் முடியும். கதவு நிலைகள் மட்டும் அடர்ந்த நீலம், சுவர் வெளிர் நிறம், மங்கிய கண்ணுக்கும் வாசல் எது என்று தெரியும். திரும்ப வேண்டிய இடத்தில் தரை சொரசொரப்பாக மாறும்.

“இது நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தப்ப பண்ணதுதானே?” என்றேன்.

“உள்ள எல்லாம் நான். முகப்பு அவன்.” பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “அவன் பக்கத்துல முதல் படமே இதுதான். என் பேர் இல்ல” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் நான் எழுதியது இதுதான்: ‘கண் மருத்துவமனை. முன்னாள் கூட்டாளியுடன் சேர்ந்து செய்தது. முகப்பு அவருடையது, உட்புற அமைப்பு எங்களுடையது.’ அவர் மறைத்தால் நீங்களும் மறைக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் எழுந்து போய் ஜன்னல் சட்டத்தை அளந்தார்.

பக்கம் தயாராகி, வெப்சைட் செய்து தருபவருக்கு அனுப்பினோம். அக்கா படித்துவிட்டு, “இந்த மனுஷனையா நான் கட்டிக்கிட்டேன், பரவாயில்லையே” என்றாள். மறுநாள் காலை அவள் பேங்குக்குப் போயிருந்த நேரத்தில் அத்தான் தனியாக உட்கார்ந்து பக்கத்தில் கை வைத்திருக்கிறார். எங்கள் இருவரிடமும் மூச்சுக்கூட விடவில்லை.

நான்கு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தம்மா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நல்ல செய்தி கேட்கத்தான் போயிருந்தேன். அம்மா உட்கார்ந்ததும் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி, போனைப் பார்த்துப் படித்தார்கள்.

“‘மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டு, பிறகு உங்களைத் திரை வாங்கச் சொல்ல மாட்டோம்.’ ‘புகைப்படம் எடுக்கும் நாளில் மட்டும் கட்டிடத்துக்கு வர மாட்டோம்.’ ‘கம்ப்யூட்டர் படத்தைக் காட்டிக் கட்டிடம் என்று சொல்ல மாட்டோம்.’ ‘எங்களைப் பார்க்க இரண்டாம் மாடி ஏற வேண்டியதில்லை.’”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் டேப்பைப் பார்த்தார்.

“நீங்க என்ன பண்ண மாட்டீங்கன்னு நல்லா புரிஞ்சுது சார்” என்றார் அம்மா. “ஆனா படிச்ச ஏழு பேரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. இதெல்லாம் பண்றவர் யாரு? இரண்டாம் மாடியில யாரு? தேடிப் பார்த்தோம். அவர் பக்கத்தையும் முழுசா படிச்சோம். நீங்க சொல்லலைன்னா எங்களுக்கு அவரைத் தெரிஞ்சே இருக்காது.”

எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதை கேட்டிருப்பீர்கள். நான் அதை அன்று முதல் மாடியில் நேரில் பார்த்தேன். தெருவில் போன வாடிக்கையாளரைக் கைப்பிடித்து மேல்மாடிக்கு அத்தானே ஏற்றி விட்டிருக்கிறார்.

“அதுகூடப் பரவாயில்ல” என்று அம்மா போனைத் திருப்பிக் காட்டினார்கள். “இந்தக் கண் மருத்துவமனை உங்க பக்கத்திலயும் இருக்கு, அவர் பக்கத்திலயும் இருக்கு. ஒரே படம். ரெண்டு பேரும் எங்களோடதுன்னு போட்டிருக்கீங்க. கமிட்டியில ஒருத்தர் நேராவே சொல்லிட்டார், ரெண்டுல ஒரு ஆள் பொய்னு. யாரோடது சார் அது?”

நான் எழுதிய ‘முன்னாள் கூட்டாளியுடன் சேர்ந்து’ என்ற வரி அங்கே இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது.

இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அத்தான் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. “என்னோடது” என்றார்.

“முழுசுமா?”

“என்னோடது.”

அக்கா மேஜையில் இருந்த பேப்பர்களை அடுக்கத் தொடங்கினாள். அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். அம்மா எழுந்தார்கள். “சரி. அப்ப மேலயும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். காலடி எங்கள் கதவைத் தாண்டி, படியில் ஏறி, மேலே போனது. அத்தனை வருடங்களாக அத்தான் காது கொடுத்துக் கேட்ட சத்தம்தான். ஆனால் இந்தத் தடவை அவர் மேல்மாடிக்கு என்று சொல்லவில்லை.

“ஏன் அத்தான்?” என்றேன்.

“முகப்பு அவனோடதுன்னு என் வாயால எப்படிச் சொல்றது? எல்லாரும் முகப்பைத்தானே பார்க்கறாங்க” என்றார். பிறகு ரொம்ப மெதுவாக, அக்காவிடம், “மேல அந்தத் தனி ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். எனக்குத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நடமாட்டம் கேட்டது. பிறகு இரண்டு பேர் இறங்கி வரும் சத்தம். கதவு தட்டப்படாமல் திறந்தது. அம்மாவின் பின்னால் மேல்மாடி நின்றார். ஆள் உயரம், சட்டையில் ஒரு கசங்கல் கிடையாது. அத்தனை வருடங்களில் அவர் அந்தக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. வந்தவர் முதலில் எங்களைப் பார்க்கவில்லை, அந்தப் பழைய மேஜையைப் பார்த்தார். அதன் மூலையைத் தடவினார்.

“உள்ள இருக்கறது இவனோடது மேடம்” என்றார். “கைப்பிடி, வெளிச்சம், நீலக் கதவு எல்லாம். முகப்பு என்னோடது. என் பக்கத்துல இவன் பேர் போடாதது என் தப்பு.”

“ஏன் போடலை?” என்றார் அம்மா. பிள்ளைகளைக் கேட்கும் அதே குரல்.

மேல்மாடி சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “வர்றவங்க எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. வந்து உட்கார்ந்து அந்தக் கைப்பிடியைப் பத்தித்தான் கேட்கறாங்க. நான் எவ்வளவு பெருசு பெருசா கட்டியிருக்கேன், அதைப் பத்தி ஒருத்தர் கேட்கறதில்ல. வயிறு எரியுது மேடம். பேரை வேற போட்டு எதுக்கு இன்னும் எரிய விடணும்னு விட்டுட்டேன்.”

நான் அத்தானைப் பார்த்தேன். தவறு செய்து பிடிபட்டவர் முகம் அல்ல அது. பரிசு வாங்கிய பிள்ளையின் முகம்.

“எரியுதா?” என்று கேட்டார்.

“எரியுதுடா.”

“ரொம்பவா?”

“டேப்பு, அளந்து காட்டணுமா?”

அத்தான் உட்கார்ந்தார், எழுந்தார், பிறகு அம்மாவைப் பார்த்து, பல்லைப் பிடுங்குகிறவரிடம் வாயைத் திறப்பது போலத் திறந்து, “முகப்பு இவனோடது. நல்ல முகப்பு” என்றார். அதற்கு அவருக்கு எவ்வளவு செலவானது என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்தம்மா கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார்கள். “ரெண்டு பேரும் பக்கத்தைச் சரி பண்ணுங்க. யார் எதைச் செஞ்சீங்கன்னு எழுதுங்க. வெள்ளிக்கிழமை கமிட்டி. ரெண்டையும் வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்.” அதாவது போட்டி இன்னும் முடியவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்தேன். ‘மாட்டோம்’ என்று முடிந்த வரிகளையெல்லாம் வெட்டினேன். அத்தான் பக்கத்தில் நின்றுகொண்டு, “திரை வரி மட்டும் இருக்கட்டுமே” என்று கெஞ்சினார். “மேற்கு வெயில் படும் இடத்தில் நிழலுக்கு வழி செய்வோம்னு எழுதறேன். அது உங்களைப் பத்தி. திரை அவரைப் பத்தி” என்றேன். கூட்டாளி வரியைத் திரும்பப் போட்டேன். மழலையர் பள்ளியை மேலே கொண்டு வந்தேன், அறை இரண்டுதான் என்பதையும் எழுதினேன். கைப்பிடியைப் பற்றி நான்கு வரி எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது என் தொழிலில் நான் இதுவரை எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று தோன்றியது. கொஞ்சம் கர்வமாகவே வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் அலுவலகத்தில் இருந்தோம். போன் வந்ததும் அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், வேலை உங்களுக்குத்தான்” என்றார் பள்ளிக்கூடத்தம்மா. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “பிள்ளைங்க கட்டிடத்துக்கு உள்ளதானே இருக்கப் போறாங்க, வெளிய நின்னு பார்க்கப் போறதில்லையே. உங்க பக்கம் நல்லா இருந்தது. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, கமிட்டியை முடிவு பண்ண வச்சது மேல இருக்கறவர் எழுதின வரிதான்.”

போனை வைத்ததும் அத்தான் முகம் தொங்கிவிட்டது. “அவன் எழுதித்தான் எனக்கு வேலை கிடைச்சுதா?” என்றார். “தோத்துட்டுப் போயிருந்தாலும் நிம்மதியா இருந்திருப்பேனே.”

நான் மேல்மாடியின் பக்கத்தைத் திறந்தேன். ஒளியும் இல்லை, வெளியும் இல்லை. கண் மருத்துவமனைப் படத்தின் கீழே இவ்வளவுதான் இருந்தது: ‘இந்தக் கட்டிடத்தை வெளியே நின்று பார்த்தால் நான் தெரிவேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நடந்தால் என் பழைய கூட்டாளி தெரிவார். அவர் இப்போது முதல் மாடியில் இருக்கிறார்.’

மறுபடி படித்தேன். நான் நான்கு வரியில் சொல்லியும் சொல்லாமல் விட்டதை அவர் மூன்று வரியில் சொல்லியிருந்தார். எனக்கு நெஞ்சுக்குக் கீழே என்னவோ செய்தது.

“யாரோ காசு வாங்கிட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. யாருன்னு விசாரிக்கணும்” என்றேன்.

“நான் நேத்தே படியில பார்த்தப்ப அவரைக் கேட்டேன்” என்றாள் அக்கா. “அவரேதான் எழுதினாராம். உன் பக்கத்தைப் படிச்சுக் கத்துக்கிட்டாராம்.”

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அத்தான் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“மேல ஒருத்தர், கீழ ரெண்டு பேர். வேலை வந்த அன்னிக்குமா புகையணும்?” என்றாள். “என்னங்க, அந்த ஜன்னலைத் திறங்க.”

அத்தான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. அவரோடு சேர்ந்து நானும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.